ஸ்டார்ட், எண்ட், ரேடியஸ் மட்டும் இருந்தால் I, J எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி பேட்டையில் எங்கள் பட்டறைக்கு வி.எம்.சி. பழக வருகிற தம்பிகளும், கங்கைகொண்டான், வள்ளியூர் பக்கமிருந்து போனில் கூப்பிடுகிற ஆபரேட்டர்களும் ஆர்க் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். முடிந்தவரை ஒரே ஜாபை வைத்தே சொல்கிறேன்: ஸ்டார்ட் `X15. Y10.`, எண்ட் `X39. Y42.`, ரேடியஸ் 25. பக்கத்தில் ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் நல்லது.

அண்ணாச்சி, டிராயிங்ல ஸ்டார்ட், எண்ட், ரேடியஸ் மட்டும்தான் இருக்கு. சென்டர் இல்லை. I, J எப்படி எடுக்கிறது?

முதலில் ஸ்டார்ட்டிலிருந்து எண்டுக்கு X-இல் எவ்வளவு, Y-இல் எவ்வளவு நகர்கிறோம் என்று எடுங்கள். எண்டிலிருந்து ஸ்டார்ட்டைக் கழிக்க வேண்டும், மாற்றிக் கழிக்கக் கூடாது. இவற்றை `DX`, `DY` என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் இந்த நாலு வரி:

```
C2 = DX*DX + DY*DY
V  = SQRT(R*R/C2 - 0.25)
I  = DX/2 - S*V*DY
J  = DY/2 + S*V*DX
```

`S` என்பது +1 அல்லது −1. அரை வட்டத்துக்குக் குறைவான ஆர்க்காக இருந்தால் `G03`-க்கு +1, `G02`-க்கு −1. அரை வட்டத்தைத் தாண்டிய ஆர்க்குக்கு இது அப்படியே தலைகீழ்.

நம் ஜாபில் `DX` = 39 − 15 = 24. `DY` = 42 − 10 = 32. `C2` = 576 + 1024 = 1600. `R*R` 625, அதை 1600-ஆல் வகுத்தால் 0.390625. அதில் 0.25 போனால் 0.140625, அதன் வர்க்கமூலம் 0.375. இதுதான் `V`.

`G02` என்றால் `S` −1. `I` = 12 + 0.375 × 32 = 24. `J` = 16 − 0.375 × 24 = 7. ஆகவே வரி இது:

```
G02 X39. Y42. I24. J7. F200
```

`G03` என்றால் `S` +1. `I` = 12 − 12 = 0, `J` = 16 + 9 = 25:

```
G03 X39. Y42. I0. J25. F200
```

இரண்டு வரியிலும் ஸ்டார்ட், எண்ட், ரேடியஸ் மூன்றும் ஒன்றுதான், சென்டர் மட்டும் வேறு. முதலாவதன் சென்டர் `X39. Y17.`, இரண்டாவதன் சென்டர் `X15. Y35.`. கீழே வருகிற பெரும்பாலான தப்புகள் இந்த இரண்டு சென்டரில் தப்பானதை எடுப்பதால் வருபவை.

ஃபார்முலா சரி, மனப்பாடமும் பண்ணிட்டேன். ஆனா அது எங்கிருந்து வருதுன்னு புரியலையே?

ஸ்டார்ட்டையும் எண்டையும் ஒரு நேர்கோட்டால் சேருங்கள். அது நாண். சென்டர் இரண்டு முனைக்கும் சம தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால், நாணின் நடுப்புள்ளியிலிருந்து நாணுக்குச் செங்குத்தாகப் போகிற கோட்டில்தான் அது இருக்கும். `DX/2`, `DY/2` என்பவை நம்மை அந்த நடுப்புள்ளி வரை கொண்டுபோகின்றன. அங்கிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரம் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் சொல்லிவிடுவார்: ரேடியஸ் கர்ணம், அரை நாண் ஒரு பக்கம், மீதிப் பக்கம் நமக்கு வேண்டிய தூரம்.

நம் ஜாபில் நாண் 40, அரை நாண் 20, ரேடியஸ் 25. 625-இல் 400 போனால் 225, அதன் மூலம் 15. நடுப்புள்ளியிலிருந்து சென்டர் 15 மி.மீ. தள்ளி இருக்கிறது. `V` என்பது இந்த 15-ஐ நாண் நீளம் 40-ஆல் வகுத்த எண். 15/40 = 0.375.

செங்குத்துத் திசைக்கு சைன், காஸ் எதுவும் வேண்டாம். (24, 32) என்ற திசையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்பினால் (−32, 24). இரண்டு எண்ணையும் இடம் மாற்றி, முதலில் வந்ததற்கு மைனஸ் போட்டால் போதும். ஃபார்முலாவில் `I`-க்குள் `DY`-யும் `J`-க்குள் `DX`-உம் மாறிப்போய் உட்கார்ந்திருப்பது இதனால்தான். இதை அச்சுப் பிழை என்று நினைத்துத் "திருத்தி" எழுதிய தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மாற்றாதீர்கள்.

இடமா வலமான்னுதான் எனக்கு எப்பவும் குழப்பம். டிராயிங்கைத் திருப்பிப் பிடிச்சா மாறிடாதா?

மாறாது. இங்கே இடம், வலம் என்பது தாளை வைத்து வருவதில்லை, டூல் போகிற திசையை வைத்து வருவது.

தாமிரபரணியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போகிற பக்கம் முகத்தை வைத்து நின்றால் பாளையங்கோட்டை வலக்கரை, ஜங்ஷன் இடக்கரை. நாம் எந்தப் பாலத்தில் எப்படித் திரும்பி நின்றாலும் கரையின் பெயர் மாறுவதில்லை, ஓட்டம்தான் அதைத் தீர்மானிக்கிறது. அதேபோல ஸ்டார்ட்டில் நின்று எண்டைப் பாருங்கள். `G03`, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த் திசை, சின்ன ஆர்க்: சென்டர் இடக்கரையில். `G02`, கடிகாரத் திசை, சின்ன ஆர்க்: சென்டர் வலக்கரையில்.

நம் ஜாபில் டூல் வலப்பக்கமாக மேலே ஏறுகிறது. `G02`-இன் சென்டர் `X39. Y17.` அந்த ஏற்றத்துக்குக் கீழே, வலக்கரையில் இருக்கிறது. `G03`-இன் சென்டர் `X15. Y35.` மேலே, இடக்கரையில். ஒரு தடவை தாளில் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

சென்டர் X39 Y17 தானே? அதையே I39. J17.னு போட்டேன், அலாரம் அடிக்குது. ஏன்?

`I`, `J` சென்டரின் இடம் அல்ல. ஸ்டார்ட்டிலிருந்து சென்டர் எவ்வளவு தூரம் என்பது. 39 − 15 = 24, 17 − 10 = 7. ஃபனுக் கன்ட்ரோலில் `G90` ஓடினாலும் `G91` ஓடினாலும் `I`, `J` ஸ்டார்ட்டிலிருந்துதான் அளக்கப்படும்.

`I39. J17.` என்று கொடுத்தால் சென்டர் `X54. Y27.` என்று ஆகிவிடுகிறது. அங்கிருந்து ஸ்டார்ட் 42.54 மி.மீ., எண்ட் 21.21 மி.மீ. ஒரே வட்டத்தில் இரண்டு ரேடியஸ் இருக்க முடியாதே, அதனால் நிற்கிறது.

பழகும்போது பெரும்பாலோர் முதல் ஆர்க்கை `X0 Y0`-இல் ஆரம்பிப்பார்கள். அங்கே சென்டரின் இடமும் ஸ்டார்ட்டிலிருந்து உள்ள தூரமும் ஒன்றே என்பதால் தப்பான புரிதலோடும் ஜாப் சரியாக வந்துவிடும். வேறு புள்ளியில் ஆரம்பிக்கிற அன்றுதான் அது வெளியே வரும். பழக்குகிறவர்கள் முதல் பயிற்சியையே `X15. Y10.` மாதிரி ஏதாவது ஒரு புள்ளியில் ஆரம்பித்து வையுங்கள்.

எல்லாக் கன்ட்ரோலும் ஒரே மாதிரி இல்லை. சீமென்ஸ் 840D-யிலும் சாதாரணமாக ஸ்டார்ட்டிலிருந்துதான், சென்டரின் இடத்தையே கொடுக்க வேண்டுமானால் `I=AC(39) J=AC(17)`. மாக்3, லினக்ஸ்சிஎன்சி போன்றவற்றில் `G90.1` ஓடினால் சென்டரின் இடம், `G91.1` ஓடினால் தூரம். வேறு மெஷினுக்காக எழுதிய புரோகிராம் கைக்கு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

I, J சரியா இருக்கான்னு மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி எப்படிச் சரிபார்க்கிறது?

மூன்று கணக்கு. முதல் இரண்டையும் பலர் செய்கிறார்கள், மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, ஸ்டார்ட் வட்டத்தில் இருக்கிறதா: `I*I + J*J` என்பது `R*R` ஆக வேண்டும். 576 + 49 = 625. சரி.

இரண்டு, எண்ட் வட்டத்தில் இருக்கிறதா: `DX−I` வர்க்கமும் `DY−J` வர்க்கமும் கூட்டினால் அதே `R*R`. 24 − 24 = 0, 32 − 7 = 25. அதுவும் 625.

மூன்று, சென்டர் எந்தக் கரையில்: `DX*J − DY*I`. விடை பிளஸ் என்றால் இடக்கரை, மைனஸ் என்றால் வலக்கரை. 24 × 7 − 32 × 24 = 168 − 768 = −600. மைனஸ், வலக்கரை, சின்ன ஆர்க்குக்கு `G02`. பொருந்துகிறது.

மூன்றாவது ஏன் கட்டாயம் என்றால், தப்பான சென்டரும் முதல் இரண்டில் தேறிவிடும். `I0. J25.` போட்டுப் பாருங்கள். 0 + 625 = 625. 24-இன் வர்க்கமும் 7-இன் வர்க்கமும் கூட்டினால் அதுவும் 625. கன்ட்ரோலும் சோதிப்பது ஸ்டார்ட், எண்ட் இரண்டும் சென்டரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்பதை மட்டும்தான். கரையை அது சோதிப்பதில்லை, அதற்கு வழியும் இல்லை. `G02`-உடன் `I0. J25.` என்று வந்தால், "இவருக்குப் பெரிய ஆர்க் வேண்டும் போல" என்று எடுத்துக்கொண்டு ஓடிவிடும்.

அலாரமே வரலை, ஆனா டூல் எங்கேயோ சுத்திப் போயிருச்சு. அது எப்படி?

மேலே சொன்ன அந்தத் தப்பான கரைதான். எனக்கே நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு 12 மி.மீ. எம்.எஸ். பிளேட் ஜாப். இரண்டு மாடல் இருந்தது. இரண்டுக்கும் முனைப் புள்ளிகள் ஒன்றுதான், ஒன்றில் ஆர்க் ஒரு பக்கம் வளையும், இன்னொன்றில் மறுபக்கம் வளையும். `G03` மாடலை முதலில் ஓட்டி முடித்தேன், `I0. J25.`, நல்லபடியாக வந்தது. அடுத்த மாடலுக்கு அந்தப் புரோகிராமையே காப்பி எடுத்து `G03`-ஐ `G02` என்று மாற்றினேன். `I`, `J`-வைத் தொடவில்லை. புள்ளிகளும் ரேடியஸும் மாறவில்லையே, சென்டர் மட்டும் எப்படி மாறும் என்று அப்போது நினைத்தேன்.

டூல் `X15. Y10.`-இலிருந்து கிளம்பி இடப்பக்கம் நகர்ந்தது. சரியான `G02` ஆர்க்கிலும் முதலில் கொஞ்சம் இடப்பக்கம்தான் போகும், X 14 வரை இறங்கிவிட்டு வலப்பக்கம் திரும்பும். அதனால் முதல் சில நொடி எனக்குச் சந்தேகம் வரவில்லை. திரையில் X 14-ஐத் தாண்டி 12, 9, 5 என்று இறங்கியபோதுதான் ஃபீடு ஹோல்டை அமுக்கினேன். கை போவதற்குள் 10 மி.மீ. எண்ட்மில் இடப்பக்கக் கிளாம்பின் முனையைத் தொட்டுவிட்டது. எண்ட்மில் போச்சு, பிளேட்டில் கீழ்விளிம்பு முழுக்க வெட்டு.

நிறுத்தாமல் விட்டிருந்தால் அது X −10 வரை இடப்பக்கம் போய், Y 60 வரை ஏறி, மேலே சுற்றிவந்து ஒழுங்காக `X39. Y42.`-இல் வந்து நின்றிருக்கும். சின்ன ஆர்க் 106.26 டிகிரி, அது போக இருந்தது மீதி 253.74 டிகிரி. எண்ட் சரியாக வருகிறது, ரேடியஸும் சரியாக வருகிறது, அலாரத்துக்கு வேலையே இல்லை.

அன்று முதல் எங்கள் பட்டறையில் `G02`, `G03`-ஐ மாற்றினால் அந்த வரியின் `I`, `J`-வை அழித்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறோம். ஓட்டுவதற்கு முன் கிராஃப் திரையில் பார்ப்பதும் கட்டாயம். தப்பான கரை என்றால் அங்கே பெரிய வட்டமாகப் பளிச்சென்று தெரியும், ஒன்றிரண்டு மைக்ரான் தப்பு தெரியாது. எதற்கு எது என்று புரிந்து பயன்படுத்துங்கள்.

பாதையை எதிர்த் திசையில ஓட்டணும். G02-வை G03 ஆக்கினா மட்டும் போதுமா?

போதாது. இது வேறு மாதிரி. இங்கே சென்டர் மாறாது, ஆனால் ஸ்டார்ட் மாறிவிடும். `I`, `J` புது ஸ்டார்ட்டிலிருந்து அளக்கப்பட வேண்டும். `X39. Y42.`-இலிருந்து `X39. Y17.` சென்டருக்கு X-இல் 0, Y-இல் −25. ஆகவே:

```
G03 X15. Y10. I0. J-25. F200
```

020 அலாரம் வந்தா எங்கே தேடணும்?

ஃபனுக்கில் `OVER TOLERANCE OF RADIUS` என்று வருவது, ஸ்டார்ட்டிலிருந்து சென்டருக்கும் எண்டிலிருந்து சென்டருக்கும் உள்ள தூரங்கள் அனுமதித்ததைவிட அதிகமாக வித்தியாசப்படுகின்றன என்பதற்கு. அனுமதி எவ்வளவு என்பது 3410 பாராமீட்டரில் இருக்கிறது.

நான் முதலில் பார்ப்பது முந்தைய வரியை. டூல் உண்மையில் நாம் நினைத்த ஸ்டார்ட்டில்தான் நிற்கிறதா? பாதி நேரம் ஆர்க் வரி சரியாகத்தான் இருக்கும், அதற்கு முன்னால் உள்ள `G01` வரியில் எண் தப்பாக இருக்கும். அடுத்தது புள்ளி. `I24. J7.` என்பதற்குப் பதில் `I24 J7` என்று அடித்தால், பல மெஷின்களில் அது 0.024, 0.007 ஆகிவிடும். மூன்றாவது, ஒரே ஒரு குறி. `I-24. J7.` என்று அடித்தால் ஸ்டார்ட்டிலிருந்து 25 வரும், எண்டிலிருந்து 54-க்கு மேல் வரும்.

அலாரத்தை அடக்க 3410-ஐக் கூட்டி வைப்பதோ 0 வைப்பதோ வேண்டாம். 0 வைத்தால் சோதனையே கிடையாது. கன்ட்ரோல் நமக்குச் செய்து கொடுக்கிற சோதனை இது ஒன்றுதான், அதையும் அணைத்துவிட்டால் ஜாபை அளக்கும்போதுதான் தெரியும்.

எத்தனை தசமம் எழுதணும்? ரெண்டு போதாதா?

மூன்று எழுதுங்கள். ஒழுங்கான எண் வராத ஒரு கணக்கைப் பார்ப்போம். `DX` 20, `DY` 7, ரேடியஸ் 18, `G02`. `C2` 449, `V` 0.686734. `I` 14.807138, `J` −10.234679.

மூன்று தசமத்தில் `I14.807 J-10.235`. ஸ்டார்ட் ரேடியஸ் 18.0001, எண்ட் ரேடியஸ் 18.0003. வித்தியாசம் மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு தசமத்தில் `I14.81 J-10.23` என்றால் 17.9997-உம் 17.9947-உம், வித்தியாசம் 5 மைக்ரான். பாராமீட்டர் இறுக்கமாக இருந்தால் அலாரம், தளர்வாக இருந்தால் ஆர்க் முடிகிற இடத்தில் சின்னப் படி. நகத்தால் தடவினால் தெரியும்.

நடுவில் `V`-ஐ 0.69 என்று சுருக்கிவிட்டு மேலே கணக்குப் போடாதீர்கள். கால்குலேட்டர் மெமரியில் முழுசாக வைத்துக்கொண்டு, கடைசியில் `I`, `J`-வை மட்டும் சுருக்குங்கள்.

R25.னு கொடுத்தாலே மெஷின் எடுத்துக்குதே. எதுக்கு I, J-யோட மல்லுக்கட்டணும்?

கால் வட்டம், சின்ன மூலை வளைவு என்றால் `R` கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். கன்ட்ரோல் உள்ளே இதே கணக்கைத்தான் போடுகிறது. ஆனால் அரை வட்டத்தை நெருங்கும்போது `R` ஆபத்து, அதை எண்ணோடு காட்டுகிறேன்.

ரேடியஸ் 25, நாண் சரியாக 50. அரை வட்டம், சென்டர் நாணின் நடுவிலேயே இருக்கிறது. இப்போது எண்ட் புள்ளியை எழுதும்போது ஒரு மைக்ரான் குறைந்து நாண் 49.999 ஆகிவிட்டது என்று வையுங்கள். அரை நாண் 24.9995. அதன் வர்க்கம் 624.975. 625-இலிருந்து கழித்தால் 0.025, அதன் மூலம் 0.158. புள்ளியில் ஒரு மைக்ரான் தவறியதற்கு சென்டர் 0.158 மி.மீ. நகர்ந்துவிட்டது! ஆர்க்கின் உச்சி நாணிலிருந்து 25 இருக்க வேண்டிய இடத்தில் 24.842 இருக்கும். வெர்னியரிலேயே தெரிகிற தப்பு, ஆனால் புரோகிராமில் எந்த எண்ணைப் பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கும். இரண்டு மைக்ரான் குறைந்தால் 0.224 மி.மீ.

கணக்கு ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்றால், கிட்டத்தட்ட சமமான இரண்டு பெரிய எண்களைக் கழித்து, மிஞ்சுகிற துளிக்கு வர்க்கமூலம் எடுக்கிறோம். 0.025 என்ற துளி மூலம் எடுத்ததும் 0.158 என்று பெருத்துவிடுகிறது. 90 டிகிரி ஆர்க்கில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே ஒரு மைக்ரான் தவறு ஏறக்குறைய மைக்ரான் அளவிலேயே நிற்கும். ஃபனுக் கையேடும் 180 டிகிரியை நெருங்குகிற ஆர்க்குக்கு `I`, `J` கொடுக்கவே சொல்கிறது.

இந்த ஃபார்முலாவில் நீங்களே கணக்குப் போட்டாலும் அதே ஆபத்து உண்டு. அரை வட்டம் என்று டிராயிங்கில் தெரிந்தால் `V`-யை விட்டுவிடுங்கள். `I` = `DX/2`, `J` = `DY/2`, அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. `R` கொடுக்கும்போது எண்ட் புள்ளியைத் தப்பாக அடித்தாலும், அந்தத் தப்புப் புள்ளிக்கும் பொருந்துகிற ஒரு வட்டத்தைக் கன்ட்ரோல் கண்டுபிடித்து ஓட்டிவிடும். `I`, `J` கொடுத்திருந்தால் ரேடியஸ் ஒத்துவராமல் அங்கேயே நிற்கும்.

கால்குலேட்டர்ல வர்க்கமூலம் போட்டா எரர் வருது, என்ன செய்ய?

`R*R/C2` 0.25-ஐவிடக் குறைந்தால் அப்படி வரும். ரேடியஸ் நாணில் பாதிகூட இல்லை, அந்த இரண்டு புள்ளியைத் தொடுகிற வட்டமே கிடையாது என்று அர்த்தம். குறைவு துளியளவு என்றால், எடுத்துக்காட்டாக −0.00001, அது அரை வட்டமாக இருந்து புள்ளிகளைச் சுருக்கியதில் வந்தது. `V` = 0 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரிதாகக் குறைந்தால் டிராயிங்கைத் திரும்பப் பாருங்கள். அங்கே போட்டிருப்பது ரேடியஸா டயாமீட்டரா என்பதை முதலில்.

அரை வட்டத்தைத் தாண்டின ஆர்க், முழு வட்டம் ரெண்டுக்கும் என்ன மாற்றம்?

தாண்டிய ஆர்க்குக்கு `S`-இன் குறியை மாற்றுங்கள், மீதி எல்லாம் அதே. `R` முறையில் எழுதினால் ஃபனுக் மில்லிங்கில் `R-25.`, சீமென்ஸில் `CR=-25`.

முழு வட்டத்துக்கு இந்த ஃபார்முலா உதவாது. ஸ்டார்ட்டும் எண்டும் ஒன்று, நாண் பூஜ்யம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சென்டர் இருக்கலாம். `R` கொடுத்தால் ஃபனுக் அதைப் பூஜ்ய டிகிரி ஆர்க் என்று எடுத்து, டூலை நகர்த்தாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். `G02 I25.` என்பது போல `I`, `J` மட்டும் எழுதுங்கள்.

மெஷினையே கணக்குப் போடச் சொல்ல முடியாதா?

ஃபனுக்கில் கஸ்டம் மேக்ரோ திறந்திருந்தால் முடியும். `#1` `DX`, `#2` `DY`, `#3` ரேடியஸ், `#4` அந்த `S`:

```
#1=24.
#2=32.
#3=25.
#4=-1.
#5=#1*#1+#2*#2
#6=SQRT[#3*#3/#5-0.25]
#7=#1/2-#4*#6*#2
#8=#2/2+#4*#6*#1
G90 G02 X39. Y42. I#7 J#8 F200
```

`#4`-உம் `G02`-உம் ஒத்துப்போகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். முதல் தடவை Z-ஐ மேலே தூக்கி வைத்து சிங்கிள் பிளாக்கில் ஓட்டி, `#7`, `#8` 24-உம் 7-உம் காட்டுகிறதா என்று மேக்ரோ திரையில் பாருங்கள்.

G41 இல்லாம டூல் சென்டர் பாதையையே எழுதுறேன். I, J மாறுமா?

மாறும். சென்டர் அதே இடம், ரேடியஸ்தான் மாறுகிறது. நம் `G02` ஆர்க்கில் இரும்பு சென்டர் பக்கம் இருந்தால் 10 மி.மீ. எண்ட்மில்லுக்கு ரேடியஸ் 30, வெளிப்பக்கம் இருந்தால் 20. திரும்ப முழுக் கணக்கும் போட வேண்டாம். 30-க்கு, 24-ஐயும் 7-ஐயும் 30/25-ஆல் பெருக்குங்கள்: `I28.8 J8.4`. சென்டரிலிருந்து அவற்றைக் கழித்தால் புது ஸ்டார்ட் `X10.2 Y8.6`, எண்ட் `X39. Y47.`. `G41`, `G42` போட்டால் இதெல்லாம் வேண்டாம், ஜாபின் அளவையே எழுதலாம்.

டர்னிங் சென்டர்லயும் இதே ஃபார்முலாவா?

அதேதான், இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். X டயாமீட்டரில் எழுதுகிறோம், ஆனால் `I` ரேடியஸ் அளவு. அதனால் X வித்தியாசத்தைப் பாதியாக்கிவிட்டுத்தான் கணக்கில் போட வேண்டும். அப்புறம், ஃபார்முலாவில் `DX` இருக்கிற இடத்தில் Z வித்தியாசமும், `DY` இருக்கிற இடத்தில் X வித்தியாசத்தின் பாதியும் வரும். விடையில் முதலாவது `K`, இரண்டாவது `I`.

பின்பக்க டரட் மெஷினில் `X20. Z0.`-இலிருந்து `X40. Z-10.`-க்கு ரேடியஸ் 10, `G03`. Z வித்தியாசம் −10, X வித்தியாசம் 20-இல் பாதி 10. `C2` 200, `V` 0.5. `K` = −5 − 5 = −10, `I` = 5 − 5 = 0.

```
G03 X40. Z-10. I0. K-10. F0.15
```

பாதியாக்க மறந்து 20 என்றே போட்டால் `C2` 500, `R*R/C2` 0.2, கால்குலேட்டர் எரர் காட்டும். இந்த ஜாபில் அப்படிக் காட்டிக்கொடுத்துவிட்டது. ரேடியஸ் பெரிதாக இருந்தால் எரர் வராமல் ஏதோ ஒரு விடை வந்து நிற்கும். அதனால் சரிபார்ப்புக் கணக்கைப் போடும்போது X-ஐ டிராயிங்கிலிருந்து மறுபடி எடுத்துப் பாதியாக்கிப் போடுங்கள். முன்னால் எழுதி வைத்த எண்ணையே எடுத்துப் போட்டால் தப்பும் கூடவே தேறிவிடும்.